கலெக்டரம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே வாழ்த்து

என் கல்லூரித் தோழியின் பிறந்தநாளும் என் பெரியப்பாவின் பிறந்தநாளும் ஆடி மாதத்தில் சில நாள் இடைவெளியில் வரும். அவள் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறாள். பெரியப்பா ஏற்காட்டில். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலையிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். நான் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். இருவருக்கும் வாழ்த்துச் சொல்வது எனக்கு வருஷா வருஷம் உள்ள வேலைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடியில் அலுவலக வேலை கழுத்தை நெரித்தது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக யோசிக்க நேரமில்லை என்று ஒரே வாழ்த்தாக எழுதி வைத்துக்கொண்டேன். அது இதுதான்:

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! நீ எனக்குச் செய்ததை எல்லாம் மறக்க மாட்டேன். இந்த வருஷம் உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும். சீக்கிரம் நேரில் பார்ப்போம்."

தோழிக்கு அப்படியே அனுப்பினேன். பெரியப்பாவுக்கு 'நீ'யை 'நீங்கள்' ஆக்கி, 'உனக்கு' என்பதை 'உங்களுக்கு' என்று மாற்றி, முன்னால் 'பெரியப்பா' என்று சேர்த்து அனுப்பினேன். பிழை ஒன்றும் இல்லை, மரியாதையும் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பத்து நிமிஷத்தில் தோழியிடமிருந்து போன். "என்னடி ஆச்சு? எம்மேல எதுக்குக் கோவம்?" என்றாள். கோபமே இல்லை என்று அவளை நம்ப வைக்க அரை மணி நேரம் ஆனது. "பேங்க்லேர்ந்து வர்ற மெசேஜ் மாதிரி இருந்துச்சு" என்று அவள் சொன்னது வெகுநாள் மனதில் கிடந்தது.

பெரியப்பாவிடமிருந்து பதிலே வரவில்லை. அடுத்த வாரம் பெரியம்மாதான் கூப்பிட்டார். வேறு ஏதோ பேசிவிட்டு, போனை வைக்கும் முன்னால் மெதுவாகச் சொன்னார்: "கண்ணு, பெரியப்பா ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. ஆனா, 'இவ எனக்கு நலம் கிடைக்கட்டும்னு சொல்றாளா, அதை நான்ல அவளுக்குச் சொல்லணும்'னு கேட்டாரு."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விஷயம் புரிந்தது. நம் வீடுகளில் வாழ்த்து மேலேயிருந்து கீழே வருகிற ஒன்று. பெரியவர் வாழ்த்துவார், சின்னவர் வணங்குவார். மேடையில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று சொல்லக் கேட்டுக் கேட்டு அது வெறும் சடங்குப் பேச்சு என்று நினைத்திருந்தேன். பெரியப்பா மாதிரி ஒருவருக்கு அது சடங்கே இல்லை. "கிடைக்கட்டும்" என்பது கொடுக்கிறவர் பேச்சு. அதில் 'உங்களுக்கு' என்று எத்தனை மரியாதை சேர்த்தாலும் நான் கொடுக்கிற இடத்தில்தான் நிற்கிறேன். நான் மாற்றியது சொல்லை மட்டும்தான். யார் யாருக்குச் சொல்வது என்ற திசையை மாற்றவே இல்லை.

இந்த வருஷம் பெரியப்பாவுக்கு 80 நிறைகிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு முன்பே உட்கார்ந்தேன். பழைய வாழ்த்தைத் தூக்கிப் போடவில்லை. அதில் நான்கு வாக்கியம் இருந்தது: வாழ்த்து, செய்த நன்மையின் நினைவு, வரும் வருஷத்துக்கான விருப்பம், பார்க்கப் போகும் நாள். இருவருக்கும் நான் சொல்ல வேண்டியவை உண்மையில் இந்த நான்கும்தான். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆளுக்கு ஏற்ற மாதிரி திருப்பினேன்.

முதலில் தோழி. அவளுக்குக் கல்லூரியில் நாங்கள் வைத்த பெயர் கலெக்டரம்மா. முதல் வருஷமே விடுதியில் எல்லாருக்கும் உத்தரவு போட ஆரம்பித்தவள். பதினைந்து வருஷமாக, அந்த ஒரே ஒரு வாழ்த்தைத் தவிர, எந்த வாழ்த்தும் அந்தப் பெயர் இல்லாமல் போனதில்லை. ஆனால் இந்த வருஷம் குரூப் 2 மெயின்ஸில் அவளுக்கு வாய்ப்பு நழுவிவிட்டது. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் படித்தவள். முடிவு வந்த அன்று என்னிடம் "சரி விடு" என்று மட்டும் சொன்னாள். அவள் சரி விடு என்று சொன்னால் விடவில்லை என்று அர்த்தம்.

கலெக்டரம்மா என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். எழுதாவிட்டால் பரிதாபப்படுகிறேன் என்று நினைப்பாளோ என்ற பயம். எழுதினால் ஆறாத இடத்தில் குத்துமோ என்ற பயம். கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தேன். கேலி செய்யும் விஷயம் முடிந்துபோனதாக இருக்க வேண்டும், அவளே அதைச் சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் நின்றுபோன ஸ்கூட்டிக்குத் திருநீறு பூசிய கதையை அவளே நூறு முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். தேர்வைப் பற்றி அவள் இன்னும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதனால் அந்தப் பெயர் இந்த வருஷம் வேண்டாம். அதற்குப் பதிலாக அனுதாபமும் வேண்டாம். "கவலைப்படாதே" என்று ஒரு சொல் வந்தால்கூட அவள் பிறந்தநாள் அன்று தேர்வு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அவள் பிறந்தநாள் செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இதை அனுப்பினேன்:

"அடியே குரங்கே, இன்னிக்கும் நீ என்னைவிட மூணு மாசம் பெரியவதான், அதை மாத்த முடியாது. எட்டாவது வளைவுல ஸ்கூட்டி நின்னப்ப ஹேண்டில்பாருக்குத் திருநீறு பூசினே பாரு, அந்த வண்டி இன்னமும் ஓடுது. எல்லாம் உன் கைராசி. என் ஃபீஸுக்கு உன் வெள்ளிக் கொலுசு அடகுக்குப் போனதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. கொலுசு இல்லாம நீ வந்தா சத்தமே வராம பேய் மாதிரி இருக்கும். இந்த வருஷம் உனக்கு நல்லா இருக்கும், இல்லாட்டி அந்த வருஷத்தை நான் சும்மா விடமாட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு வாசல்ல நிப்பேன், ஏற்காடு போறோம். திரும்பி வந்ததும் தட்டுவடை செட் என் செலவு. காரம் கம்மியாப் போடச் சொல்லி என் மானத்தை வாங்காதே."

இதில் பழைய வாழ்த்தின் நான்கு வாக்கியமும் இருக்கின்றன. 'வாழ்த்துகள்' என்ற சொல் மட்டும் இல்லை. நெருங்கின தோழியிடம் அந்தச் சொல்லே கொஞ்சம் தூரமாக உட்காரும். திட்டிக் கூப்பிடுவதுதான் எங்களுக்குள் வாழ்த்து.

நன்றியும் அப்படித்தான். அவள் கொலுசை அடகு வைத்து என் பருவக் கட்டணத்தைக் கட்டியது என் வாழ்க்கையில் பெரிய விஷயம். ஆனால் "நீ செய்ததை மறக்க மாட்டேன்" என்று எழுதினால் அது கணக்கை முடிக்கிற மாதிரி இருக்கிறது. பழைய வாழ்த்தில் அவளைப் பயமுறுத்தியது அந்த வரிதான் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் நன்றி என்ற சொல்லை விட்டுவிட்டு, கொலுசை மட்டும் வைத்தேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். இன்னொன்று, இதை அவளுக்குத் தனியாகத்தான் அனுப்பினேன். கல்லூரிக் குழுவில் முப்பது பேர் இருக்கிறார்கள். அங்கே ஸ்கூட்டி கதை வரை போகலாம். அடகுக் கதை போகக் கூடாது.

இரண்டு நிமிஷத்தில் குரல் பதிவாகப் பதில் வந்தது, பாதி திட்டு, பாதி சிரிப்பு. கடைசியில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "கொலுசை மீட்டுட்டேன்டி, ரொம்ப நாளாச்சு" என்றாள். அவளிடமிருந்து "தேங்க்ஸ்டி" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தால் வாழ்த்து அவளைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். திட்டு வந்தால் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

பெரியப்பாவுக்கு எழுதுவதுதான் கடினமாக இருந்தது.

முதல் கேள்வி, என்றைக்கு? அவர் ஆங்கிலத் தேதியைப் பார்ப்பதில்லை. ஆடி மாதம் சுவாதி நட்சத்திரம். அது ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் விழும். நட்சத்திரங்கள் இருபத்தேழு, நாளுக்கு ஒன்றாகச் சுற்றி வருகின்றன; ஆடியோ 31, 32 நாள் உள்ள மாதம். அதனால் சில வருஷம் ஒரே நட்சத்திரம் மாதத் தொடக்கத்தில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் வரும். அப்போது பின்னால் வருவதைத்தான் எங்கள் வீட்டில் எடுப்பார்கள். போன் ஞாபகப்படுத்தும் தேதியை நம்பினால் தவறிவிடும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, பெரியம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை.

எந்த நேரம் என்பதும் முக்கியம். தோழிக்குப் பன்னிரண்டு மணி என்றால் அன்பு. எண்பது வயதுக்காரர் வீட்டில் நடு இரவில் போன் ஒலித்தால், யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம், போனில் பாதி வார்த்தை தவறும். அஞ்சலகத்தில் வாழ்ந்தவருக்குக் கடிதம்தான் சரி என்று முடிவு செய்தேன்.

எழுத உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கமாகச் சறுக்கினேன். போன முறை மரியாதை குறைந்தது என்பதால் இந்த முறை அள்ளிக் கொட்டினேன். "பெருமதிப்பிற்கும் போற்றுதலுக்கும் உரிய பெரியப்பா அவர்களுக்கு, ஆயிரம் பிறை கண்ட தங்களின் பொற்பாதங்களை வணங்கி" என்று தொடங்கியது. எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா சமையலறையிலிருந்தே, "இதை யாரு எழுதினது?" என்று கேட்டார். அதுதான் அதில் இருந்த கோளாறு. நான் பிறந்ததிலிருந்து 'நீங்க' என்று பேசுகிற மனிதரிடம் திடீரென்று 'தாங்கள்' என்றால் அது மரியாதையாகக் காதில் விழாது, விலகலாக விழும். எங்கள் சொந்தத்தில் மனஸ்தாபம் வந்தவர்கள்தான் 'தாங்கள்' போட்டு எழுதிக்கொள்வார்கள். மரியாதை என்பது அவருக்கு நான் வழக்கமாகக் கொடுக்கிற அளவில், எழுத்துக்குரிய ஒழுங்கோடு இருந்தால் போதும்.

ஆயிரம் பிறையிலும் ஒரு சிக்கல் இருந்தது. 80 நிறைந்தவரை ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்வது வழக்கம்தான். ஆனால் பிறைக்குப் பிறை கிட்டத்தட்ட 29 நாள் 12 மணி 44 நிமிஷம். ஆயிரம் முறை என்றால் 29,530 நாள். அதை வருஷமாக்கினால் 80 வருஷமும் ஏறக்குறைய 10 மாதமும் வருகிறது. வேறு யாருக்காவது எழுதினால் இதைப் பார்க்கத் தேவையில்லை. பெரியப்பா மணியார்டர் கணக்கில் ஒரு பைசா இடித்தாலும் இரவு வரை உட்கார்ந்து தேடியவர். 'இன்னும் பத்து மாசம் இருக்கே' என்று அவர் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்டது. அந்தத் தொடரை எடுத்துவிட்டு, "80 நிறைகிறது" என்று உள்ளதை எழுதினேன். "நூறாண்டு வாழ வேண்டும்" என்பதையும் அடித்தேன். இருபது வயதுக்காரருக்கு நூறு என்பது பெரிய வாழ்த்து. எண்பது வயதுக்காரருக்கு அது மிச்சம் எவ்வளவு என்று எண்ணிக் காட்டுவது.

கடைசியில் கோடு போட்ட தாளில், நீல மையில், அவர் கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக வைத்து, இப்படி எழுதினேன்:

"உ

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்கிறீர்களா?

வரும் ஞாயிறு சுவாதி. உங்களுக்கு 80 நிறைகிறது என்று அம்மா சொன்னார்கள். உங்களை வாழ்த்தும் வயது எனக்கு இல்லை. வணங்குகிறேன்.

எட்டாம் வகுப்பு விடுமுறையில் என்னை உங்கள் மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பின்கோடு படிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். 636 என்றால் சேலம், 636601 என்றால் ஏற்காடு. முகவரியை, வாங்குகிறவருக்காக எழுதாதே, கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்காக எழுது என்று சொன்னீர்கள். அலுவலகத்தில் எதை எழுத உட்கார்ந்தாலும் எனக்கு இன்றும் அது நினைவுக்கு வருகிறது.

நீங்களும் பெரியம்மாவும் உடல் நலத்தோடும் மன நிறைவோடும் எங்களுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று சேர்வராயனை வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை 10 மணிக்கு உங்கள் ஆசி பெற வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்"

மூன்றாவது வாக்கியம்தான் எனக்குப் பிரச்சினையாக இருந்தது. "நலம் கிடைக்கட்டும்" என்பதை எப்படி மாற்றுவது? அவருக்கு நான் நல்லதை விரும்பவே கூடாது என்பதில்லை. விரும்பலாம், ஆனால் அதைக் கொடுக்கிற இடத்தில் சாமியை வைக்க வேண்டும். "வேண்டிக்கொள்கிறேன்" என்று முடித்ததும் நான் கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். ஊரில் அவர் கும்பிடுகிற சாமியையே வைத்ததில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது.

தோழியிடம் நன்றியை மறைத்தேன். இங்கே அதற்கு நேர்மாறாக, எந்த வருஷம், எந்த மேசை, என்ன சொன்னார் என்று முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்கள் செய்த உதவிகளை மறக்க மாட்டேன்" என்று பொதுவாக எழுதினால் அவர் வயதில் இருப்பவருக்கு அது எல்லாரும் சொல்கிற வார்த்தை. தாம் சொன்னது ஒன்று இன்னொருவருடைய அன்றாட வேலையில் உயிரோடு இருக்கிறது என்பதுதான் அவருக்குச் செய்தி.

"சீக்கிரம் பார்ப்போம்" என்பதற்கு நாளும் மணியும் போட்டேன். தோழியிடம் அரை மணி தாமதமானால் திட்டோடு போய்விடும். பெரியப்பா ஒன்பதரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டுவிடுவார். அதனால் பத்து மணி என்று எழுதிவிட்டு, ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்பத் தீர்மானித்தேன். புதன்கிழமை காலை தபாலில் சேர்த்தேன். அம்மா, தாளை மடிக்கும் முன்னால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தார். நல்ல சேதி என்று பிரிக்கும்போதே தெரியட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல மூடுபனி. வளைவுக்கு வளைவு விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஏறினோம். எட்டாவது வளைவில் தோழி பின்னாலிருந்து கையை நீட்டி ஹேண்டில்பாரைத் தொட்டுக் கும்பிட்டாள். வழியெல்லாம் என்னைக் குரங்கு, எருமை என்று திட்டிக்கொண்டு வந்தவள், வீட்டு வாசலில் இறங்கியதும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம்ங்க பெரியப்பா" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பெரியப்பா அவளுக்கும் பெரியப்பாதான்.

பெரியப்பா என் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்துப் பிரித்து, "தேதி போடல கண்ணு" என்றார். மேல் மூலையில், அது வந்து சேர்ந்த தேதியை அவரே தம் கையால் எழுதியிருந்தார். வேறு எதையும் அவர் திருத்தவில்லை. நான் காலில் விழுந்தபோது தலையில் கை வைத்து, "தீர்க்காயுசா இரு, நல்லா எழுது" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வராத பதில் அது.

தோழியும் விழுந்தாள். "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்டார். அவள் ஒரு நொடி தயங்கினாள். "பரீட்சைக்குப் படிக்கிறேங்க பெரியப்பா, இந்தத் தடவை கிடைக்கல" என்றாள். அவர் அவள் தலையிலும் கை வைத்தார். "கலெக்டரா வரணும் நீ" என்றார்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. பெரியம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார், கேசரி கொடுத்தார், மழை விடுகிற வரை இருந்துவிட்டுப் போங்கள் என்றார். மத்தியானம் இறங்கும்போது இருபது வளைவில் பாதி தாண்டும் வரை தோழி ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் தோளில் தட்டி, "அந்தப் பேரை நீ ஏன் இந்த வருஷம் போடலன்னு தெரியும்டி" என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"அவரே சொல்லிட்டாரு. இனிமே நீயும் கூப்பிடு."